பூக்காரம்மாவின் மூக்குத்தி

சிறுவர் கதை ஒன்றுக்கு எட்டுப் படங்கள் தேவைப்பட்டன. நாயகி ஐம்பது வயதுப் பூக்காரம்மா. கரும்பச்சை நூல் சேலை, அதில் இரண்டு விரல் அகலத்துக்குக் கடுகு மஞ்சள் கரை, வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. எல்லாப் படத்திலும் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். சொற்களைக் கொடுத்தால் படம் தரும் 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் உட்கார்ந்தேன். முதல் படம் மனதுக்கு நிறைவாக வந்தது. இரண்டாவதில் மூக்குத்தி இடப்பக்கம் போய்விட்டது. மூன்றாவதில் பத்து வயது குறைந்த வேறொரு பெண் நின்றாள். சேலை பச்சைதான், ஆனால் கரை ஒரு சாண் அகலம்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், புதிதாக வரைய வைப்பதா, இருக்கும் படத்தைத் திருத்துவதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

2022 ஆகஸ்டில் பொதுமக்கள் கைக்கு வந்த இந்த மென்பொருள், வெறும் புள்ளி இரைச்சலில்தான் வேலையைத் தொடங்குகிறது. பழைய தொலைக்காட்சியில் நிலையம் கிடைக்காதபோது திரையில் பொரியுமே, அப்படி ஓர் இரைச்சல். நாம் கொடுத்த சொற்களுக்கு ஏற்ப அதைப் படிப்படியாகக் களைந்து படத்தை வெளியே கொண்டுவருகிறது. பூக்காரம்மா என்ற ஆள் அதன் நினைவில் எங்கும் இல்லை. 'ஐம்பது வயதுப் பெண், பச்சைச் சேலை' என்ற சொற்களுக்கு லட்சம் முகங்கள் பொருந்தும். ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்று வருகிறது.

தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்ணுக்குத் திரையில் `seed` என்று பெயர். அந்த எண்ணை மாற்றாமல் வைத்திருந்தால் அதே ஆள் வருவார் என்று பலர் நம்புகிறார்கள். எண், சொற்கள், மற்ற அமைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தால் அதே படம் வரும், உண்மைதான். ஆனால் 'நிற்கிறார்' என்பதை 'பூ கட்டுகிறார்' என்று மாற்றினாலே முகமும் நழுவும். அந்த எண் இரைச்சலுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல.

முழு உருவம் கேட்கும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 768 புள்ளி உயரப் படத்தில் ஒருவர் முழுதாக நின்றால், தலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய நூறு புள்ளி உயரம். மென்பொருளோ படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கி வைத்துத்தான் உள்ளே வேலை செய்கிறது. ஆக, தலை உச்சியிலிருந்து முகவாய் வரை பன்னிரண்டு, பதின்மூன்று கட்டங்கள். கண், மூக்கு, உதடு, மூக்குத்தி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முழு உருவப் படங்களில் முகம் மெழுகு உருகினாற்போல் இருப்பதற்கு இதுவே காரணம்.

புதிதாக வரைவதில் கிடைக்கும் ஆதாயமும் சிறிதல்ல. உடல், உடை, வெளிச்சம் எல்லாம் ஒன்றாகவே பிறக்கின்றன. கூடையைத் தூக்கும்போது முந்தானை எப்படி விழும், எந்தப் பக்கம் நிழல் படியும் என்பதெல்லாம் தானாகப் பொருந்தி வருகின்றன. ஒட்டுப்போட்ட அடையாளம் தெரியாது.

படத்தைத் திருத்தும் வழியில் கணக்கு தலைகீழாகிறது. இருக்கும் படத்தின் மேல் ஓரளவு இரைச்சலைத் தூவி, அதிலிருந்து மறுபடி வரைகிறது மென்பொருள். எவ்வளவு தூவுவது என்பதை `denoising strength` என்ற அளவு சொல்லும். அது 0.3 போலச் சிறியதாக இருந்தால் உடையின் சாயல் லேசாக மாறும், வெட்டு மாறாது. 0.8 வரை போனால் உடை மாறும், முகமும் கூடவே போய்விடும். அதனால்தான் மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் தூரிகையால் மூடிக் காட்டுகிறோம். மூடாத இடத்தில் இருக்கும் முகம் தப்பிக்கிறது.

ஆனால் பழைய உடையின் உருவம் லேசில் விடாது. சுடிதார் அணிந்த பெண்ணின் படத்தில் சுடிதாரின் விளிம்பை ஒட்டியே மூடிவிட்டுச் சேலை கேட்டுப் பார்த்தேன். கால் இரண்டும் தனித்தனியாகத் தெரிய, சேலைத் துணியில் தைத்த கால்சட்டை வந்தது. சேலை கணுக்கால் வரை ஒரே வீச்சில் விழும் துணி. அதற்குக் கால்களுக்கு நடுவில் தெரியும் தரையையும், முந்தானை பறக்கும் இடத்தையும், முழங்கை வரையிலான கையையும் சேர்த்து மூட வேண்டும். அப்படி மூடினால் சுடிதாரின் முழுக்கை மறைத்திருந்த தோலையும் பின்னாலுள்ள சுவரையும் மென்பொருள் கற்பனையால் நிரப்பும். முகம் மாறாமல் இருந்ததற்கு நாம் கொடுக்கும் விலை இது. உட்கார்ந்திருப்பவரை நிற்க வைப்பது போன்ற மாற்றங்களுக்கு இந்த வழி அநேகமாகக் கைகொடுக்காது.

2025-இல் வந்த ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட் போன்ற புதிய மென்பொருள்களில் தூரிகை வேண்டாம். 'சேலையைச் சிவப்பாக்கு' என்று எழுதினால் போதும். முகத்தையும் நன்றாகவே காக்கின்றன. எனினும் முழுப் படமும் மறுபடி வரையப்படுவதால் ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாக ஏதோ நகர்கிறது. திருத்திய படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தினால் ஐந்தாறு சுற்றில் தோல் வழவழப்பாகி, முகம் சாயல் மாறி நிற்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூலப் படத்திலிருந்தே தொடங்குவதுதான் இதற்குத் தீர்வு.

பூக்காரம்மாவுக்குக் கடைசியில் இரண்டு வழியையும் சேர்த்தேன். முதலில் பல படங்களைப் புதிதாக வரைய வைத்து, நிற்கும் நிலையும் சேலைக்கட்டும் சரியாக அமைந்த ஒன்றை எடுத்தேன். அதன் முகத்தை மட்டும் மூடி, அந்தப் பகுதியைப் பெரிதாக்கி வரைந்து, சுருக்கி அதே இடத்தில் பொருத்தும் வசதியைப் பயன்படுத்தினேன். பன்னிரண்டு கட்டத்தில் நசுங்கிக் கிடந்த முகத்துக்கு இடம் கிடைத்ததும் மூக்குத்திக் கல் தெளிவாக மின்னியது. அதன் பிறகு அதுவே மூலப் படம். மற்ற ஏழு காட்சிகளும் அதைத் திருத்திப் பிறந்தவை. நிலை வெகுவாக மாற வேண்டிய இரண்டு காட்சிகளில் மட்டும் உடலைப் புதிதாக வரைந்து முகத்தைப் பின்னால் சரிசெய்தேன். அந்த இரண்டில்தான் கரையின் அகலத்தோடு அதிகம் போராட வேண்டியிருந்தது.

படம் சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சேலைக் கரையை விரலால் தொடர்ந்து போங்கள். கொசுவத்தில் தொடங்கி, கால் ஓரமாகச் சுற்றி, மார்பைக் கடந்து இடது தோளில் முந்தானையாக ஏறும் வரை, கண்ணுக்குத் தெரியும் இடமெல்லாம் அது ஒரே கரையாக இருக்க வேண்டும். நடுவில் அகலம் மாறினாலோ, முந்தானை எங்கிருந்தோ முளைத்திருந்தாலோ, அந்தப் படம் ஆகாது. பிறகு எல்லாப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்குத்தி இருக்கும் பக்கம், நெற்றி முடியின் கோடு, உடல் உயரத்துக்குத் தலையின் அளவு ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தப்பிவிடும் பிழை வரிசையில் வைத்ததும் தெரிந்துவிடும்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் எது மாறவே கூடாது என்று முடிவு செய்யுங்கள். முகம் மாறக் கூடாது என்றால் திருத்துங்கள். நிலையும் உடையின் விழுகையும் முக்கியம் என்றால் புதிதாக வரையுங்கள். கடையில் விற்கும் ஒரு குறிப்பிட்ட சேலையைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டையுமே நம்ப வேண்டாம். கரையில் உள்ள அன்னத்தை மென்பொருள் வேறு பறவையாக்கிவிடும், வாங்குபவர் ஏமாறுவார். அதற்கு அந்தச் சேலையை உடுத்தி எடுத்த புகைப்படமே நேர்மையானது. திருத்துவது உயிருள்ள ஒருவரின் படம் என்றால், அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே தூரிகையைத் தொடுங்கள்.