சுருக்கமும் மூலமும் – 7: ஐயாயிரம் ரூபாய் அறை

பெரியப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். தேதி குறித்தாயிற்று. அண்ணன் நாற்பது பக்க மருத்துவக் காப்பீட்டு பாலிசியை ஏதோ ஒரு ஏஐ செயலியில் ஏற்றி, பத்து வரிச் சுருக்கம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பின்னாலேயே போனும் வந்தது.

"ரூமுக்கு ஒரு நாளைக்கு அஞ்சாயிரம் தர்றாங்க. நாம எட்டாயிரம் ரூம் எடுக்கிறோம். நாலு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் கைக்காசு. அவ்வளவுதானே தம்பி?"

"பாலிசியையும் அனுப்புங்கண்ணே" என்றேன்.

முதலில் சுருக்கத்திலிருந்து மூலத்துக்குப் போனேன். ஒவ்வொரு வரிக்கும் பாலிசியின் எந்தப் பிரிவு ஆதாரம் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போனால், ஆதாரம் கிடைக்காத வரி தானே தனித்து நிற்கும். 'ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 24 மாதம்' என்றது ஒரு வரி. பாலிசியில் 24 என்று தேடினால் கிடைக்கிறது. ஆனால் அது குடலிறக்கம், கண்புரை போன்ற பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. பெரியப்பாவின் சர்க்கரை போல, சேரும்போதே இருந்த நோய்களுக்கு அதற்கு மேலுள்ள பத்தியில் 36 மாதம். எண் கற்பனையில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அதனால்தான் எண்ணை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு 'சரி' போடக்கூடாது. அது எதற்குச் சொன்ன எண் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வரி, '60 வயது தாண்டியவர்கள் செலவில் 20 சதவீதம் தாங்களே கட்ட வேண்டும்' என்றது. எண்ணில் தப்பில்லை. மூலத்தில் இருப்பது, பாலிசியில் முதன்முதலாகச் சேரும்போதே 61 வயது ஆனவர்களுக்கு என்று. பெரியப்பா சேர்ந்தது 59-இல், இப்போதுதான் 61. அவருக்கு அந்த 20 சதவீதம் கிடையாது. 'சேரும்போது' என்ற ஒரு சொல் உதிர்ந்து, இல்லாத செலவைத் தலையில் கட்டியிருந்தது.

அறை வாடகை வரியில் பிழையே இல்லை. காப்பீட்டுத் தொகை 5 லட்சம், அதில் ஒரு சதவீதம் 5,000. மூலமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் விடுபட்டது இந்தத் திசையில் பார்த்தால் ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் சரிபார்க்க வரியே இல்லை. எனவே திரும்பி, மூலத்திலிருந்து சுருக்கத்துக்கு வர வேண்டும். பிடிஎஃப்-இல் `subject to`, `provided`, `unless`, `proportion` என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். சிக்கும் ஒவ்வொரு இடத்திலும், இந்த நிபந்தனை சுருக்கத்தில் உண்டா என்று ஒரே கேள்வி.

நாலாவது சொல்லில் மாட்டியது. அனுமதித்ததைவிட உயர்ந்த அறை எடுத்தால், 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' அதே விகிதத்தில் குறைக்கப்படும். அந்தத் தொடரின் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியது. அப்படியென்றால் வரையறைப் பகுதியில் அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது பக்கம் முன்னால் போய்ப் பார்த்தால், மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கும். மருந்து, உள்ளே வைக்கும் மெஷ், பரிசோதனைகள் அடங்காது.

மருத்துவமனை கொடுத்திருந்த மதிப்பீட்டை எடுத்தேன். மொத்தம் 2 லட்சம்: அறை 32,000, மருத்துவரும் தியேட்டரும் 1,20,000, மருந்து, மெஷ், பரிசோதனை 48,000. அண்ணன் கணக்கில் 1,88,000 வர வேண்டும். பாலிசிப்படி அறைக்கு 20,000. அடுத்த 1,20,000-இல் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 75,000. கடைசி 48,000 முழுதாக. கூட்டினால் 1,43,000. கைக்காசு பன்னிரண்டாயிரமில்லை, 57,000.

அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "ரூமுக்கு மூவாயிரம் கூடினதுக்கு டாக்டர் ஃபீஸ்ல ஏன்டா கை வைக்கிறான்?" நியாயமான கேள்விதான். பல மருத்துவமனைகளில் அறையின் தரம் ஏற ஏற அதே ஆபரேஷனுக்கே கட்டணம் ஏறும். அந்த ஏற்றத்தைக் காப்பீட்டு நிறுவனம் சுமக்காது.

நிபந்தனைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அறைக்கு அறை கட்டணம் மாற்றாத மருத்துவமனையில் இந்த வெட்டு செல்லாது என்கிறது அடுத்த வாக்கியம். அண்ணன் பில்லிங் கவுன்டருக்கே நேரில் போய்க் கேட்டார். "மாறும் சார்" என்றார்களாம்.

பெரியப்பா இப்போது 4,500 ரூபாய் இரட்டைப் படுக்கை அறையில் இருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார் என்று தினமும் எனக்குத்தான் புகார்.

(தொடரும்)