இரவுப் படத்தில் இரட்டித்த முகம்: காரணமும் திருத்தமும்

மங்கிய ஒளியில் கைபேசியால் எடுத்த புகைப்படங்களில் ஒரு விந்தையான குறை காணப்படுவதுண்டு. சுவரும் மேசையும் தூணும் கூர்மையாக விழுந்திருக்கும். முகம் மட்டும் இரண்டு விளிம்புகளைக் கொண்டிருக்கும். கன்னத்தின் ஓரத்தை ஒட்டி மெல்லிய மற்றொரு கன்னம் தெரியும். கண்ணிமைக்கு அருகே மங்கலான வேறோர் இமை தெரியும். கை நடுங்கியதால் வந்தது என்றே பலரும் இதனைக் கருதுவர். கை நடுங்கியிருப்பின் சுவரும் தூணும் சேர்ந்தே கலங்கியிருக்க வேண்டும். முகம் மட்டும் இரட்டிப்பதற்குக் காரணம் வேறு. அக்காரணத்தை அறிந்தவர்க்கே குறையைத் திருத்தும் முறை எளிதில் விளங்கும்.

பல படங்கள் சேர்ந்த ஒரு படம்

கைபேசியின் இரவு முறை ஒரே படத்தை நெடுநேரம் எடுப்பதன்று. 2018ஆம் ஆண்டில் பிக்சல் கைபேசிகளிலும் 2019ஆம் ஆண்டில் ஐபோன் 11இலும் வந்து, பின்னர் எங்கும் பரவிய இம்முறையில், கருவி குறுகிய நேரப் படங்கள் பலவற்றை அடுத்தடுத்து எடுக்கிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. மங்கிய ஒளியில் எடுத்த தனிப் படம் ஒவ்வொன்றிலும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் நிறைந்திருக்கும். அப்புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறுவதால் சராசரியில் அடங்கிவிடுகின்றன. 15 படங்களைச் சேர்த்தால் அவற்றின் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

இடையே ஒருவர் தலையை அசைத்துவிட்டால், அசைந்த பகுதியை ஒதுக்கிவிடவும் கருவி முயல்கிறது. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முதன்மைப் படத்தோடு ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டு, ஒவ்வாததை விலக்குகிறது. ஒளி மிகக் குறைந்த இடத்தில் இவ்வொப்பீடு தவறிவிடுகிறது. புள்ளிகளால் வரும் வேறுபாடும் தலை அசைவால் வரும் வேறுபாடும் அங்கே ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதே காரணம். அசைவைப் புள்ளி என்றெண்ணிக் கருவி சேர்த்துக்கொள்ளும்போது இரட்டை விளிம்பு பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஓய்வு பெறும் தலைமையாசிரியர் ஒருவருக்குப் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரே விளக்கின் ஒளியில் மாலை அணிவித்தபோது எடுத்த படம் என்று கொள்வோம். வேறு படம் இல்லை; இதையே 15 செ.மீ. அகலத்தில் அச்சிட்டுப் பள்ளியில் மாட்ட வேண்டியிருக்கிறது. படத்தின் அகலம் 3000 படப்புள்ளிகள். 15 தனிப்படங்களில் முதல் 11 எடுக்கும்வரை அவர் அசையாதிருந்தார். கடைசி 4 படங்களின்போது தலை படத்தின் வலப்புறமாக 14 படப்புள்ளி அளவு நகர்ந்துவிட்டது. அச்சில் இது 0.7 மில்லிமீட்டர் ஆகும்; கண்ணுக்குத் தெளிவாகத் தெரியக்கூடிய அளவே.

முழு வெண்மையை 100 என்று கொண்டால், முகத்தின் ஒளி 40, பின்னால் உள்ள இருண்ட சுவரின் ஒளி 10 என்று வைத்துக்கொள்வோம். முகத்தின் வலப்புறத்தில், உண்மை விளிம்புக்கு வெளியே உள்ள 14 புள்ளி அகலப் பட்டையில் 11 படங்கள் சுவரையும் 4 படங்கள் முகத்தையும் காட்டுகின்றன. சராசரி 18 ஆகிறது. இடப்புறத்தில், விளிம்புக்கு உள்ளேயுள்ள அதே அகலப் பட்டையில் 11 படங்கள் முகத்தையும் 4 படங்கள் சுவரையும் காட்டுவதால் சராசரி 32 ஆகிறது. ஆகவே ஒரே அசைவு இரண்டு வேறுபட்ட குறைகளை உண்டாக்குகிறது: ஒருபுறம் சுவரின் மேல் வெளிறிய பட்டை, மறுபுறம் கன்னத்தின் மேல் கருமையான பட்டை.

இரண்டிலும் பிழை 8 அளவே. ஆயினும் திரையில் அவை சமமாகத் தோன்றுவதில்லை. திரைக்குரிய 0 முதல் 255 வரையான அளவுகோல் இருண்ட பகுதிகளை விரித்துக் காட்டுவது. அதன்படி சுவர் ஏறக்குறைய 90 ஆகவும் வெளிறிய பட்டை 117 ஆகவும், கருமையான பட்டை 152 ஆகவும் முகம் 168 ஆகவும் அமையும். வெளிப்பட்டையின் வேறுபாடு 27. உட்பட்டையின் வேறுபாடு 16. எனவே வெளிப்பட்டையை மட்டும் கண்டு திருத்திவிட்டு, உட்பட்டையைக் கவனியாது விடுவோர் பலர். அவ்வாறு விட்டால் கன்னம் ஒருபுறம் ஒட்டியது போல் தோன்றும்.

திருத்தும் முறை

விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருள் இதற்குப் போதுமானது. முதலில் மூலப் படத்தைத் தொடாமல் Duplicate Layer என்னும் கட்டளையால் ஒரு நகலடுக்கை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வெற்று அடுக்கின் மேல் வேலை செய்யலாகாது. கீழே கூறப்படும் தூரிகை முறைகள், தாம் வேலை செய்யும் அடுக்கிலேயே உள்ள நிறத்தோடு ஒப்பிட்டே இயங்குவன.

பின்னர் Clone என்னும் கருவியை எடுத்து, தூரிகையின் அகலத்தைப் பட்டையைவிடச் சற்று அதிகமாக, 20 படப்புள்ளி அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓரம் மென்மையாக இருத்தல் நலம். Opacity என்பதை 50 விழுக்காட்டில் வைத்தால், ஒரே இழுப்பில் மிகையாகிவிடாது.

வலப்புற வெளிறிய பட்டைக்குத் தூரிகையின் Mode என்பதை Darken only என்று மாற்றுக. பட்டைக்கு அப்பாலுள்ள தூய சுவர்ப்பகுதியை மாதிரியாக எடுத்துப் பட்டையின் மீது தடவுக. இம்முறையில் மாதிரியைவிட வெளிறிய புள்ளிகள் மட்டுமே கருமையாகும். ஏற்கெனவே இருண்டவை மாறா. எனினும் முகமும் சுவரைவிட வெளிறியதே ஆதலால், தூரிகை உண்மை விளிம்பைத் தாண்டினால் முகத்தையும் அரித்துவிடும். ஆதலின் முதலில் Free Select கருவியால் உண்மை விளிம்பின் வழியே பட்டையைச் சூழ்ந்து தேர்வு செய்துகொள்வது பாதுகாப்பானது. தேர்வின் ஓரத்தை 1 அல்லது 2 புள்ளி அளவு Feather செய்தால் வெட்டிய கோடு தெரியாது.

உண்மை விளிம்பு எது என்பதில் ஐயம் எழக்கூடும். இரண்டனுள் வலிமையானதே, அதாவது ஒளி மிகுதியாக மாறும் இடமே, பெரும்பாலான படங்கள் காட்டிய இடமாகும். எடுத்துக்காட்டில் வலப்புறத்தே 40இலிருந்து 18க்கு இறங்கும் விளிம்பு உண்மையானது. 18இலிருந்து 10க்கு இறங்குவது போலி.

இடப்புறக் கருமைப் பட்டைக்கு Lighten only என்னும் முறை வேண்டும். அங்கே உண்மை விளிம்பு வெளியே உள்ளது. ஆகவே தேர்வு அதன் உட்புறமாக அமைய வேண்டும். அதே உயரத்தில், கன்னத்தின் உள்ளே 20 அல்லது 25 புள்ளி தள்ளி மாதிரி எடுக்க வேண்டும். கன்னம் இயல்பாகவே ஓரத்தை நோக்கிக் கருமையடைவது ஆதலால், உட்புற ஒளியை முழுதும் பரப்பிவிட்டால் முகம் தட்டையாகிவிடும். பட்டையின் எல்லை மறையும் அளவில் நிறுத்திவிட வேண்டும்.

Heal என்னும் கருவி தோலின் நடுவே உள்ள குறைகளுக்கு ஏற்றது. விளிம்பருகே அதனைப் பயன்படுத்தினால் சுவரின் கருமையையும் கன்னத்தின் ஒளியையும் கலந்து அழுக்குப் படிந்தது போல் ஆக்கிவிடும்.

கண்கள்

கண்களை இறுதியில் திருத்துவதே முறை. விதி ஒன்றே: போலி உரு தன் சூழலைவிட வெளிறியிருந்தால் Darken only, கருமையாக இருந்தால் Lighten only. இமைக்கோட்டின் போலி, தோலின் மேல் விழுந்த மெல்லிய கருங்கோடு. அருகிலுள்ள இமைத் தோலை மாதிரியாகக் கொண்டு அதனை அகற்றலாம். கருவிழியில் விளக்கின் பொட்டு இரண்டாகத் தெரிந்தால், மங்கலான பொட்டைக் கருவிழியின் நிறம் கொண்டு மறைக்க வேண்டும். இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பொட்டையே எஞ்ச விட வேண்டும். ஒன்றில் இடமும் மற்றொன்றில் வலமும் எஞ்சினால் பார்வை மாறுகண்போல் தோன்றும்.

சரிபார்த்தல்

Lighten only முறையில் வெளிறிய மணற்புள்ளிகள் மட்டுமே எஞ்சுவதால், திருத்திய இடம் சற்று மழுங்கி ஒளிர்வதுண்டு. Mode என்பதை மீண்டும் Normal ஆக்கி, 20 அல்லது 30 விழுக்காட்டு Opacityயில் பக்கத்துத் தோலை ஒருமுறை மேலே தடவினால் புள்ளிகளின் இயல்பு திரும்பிவிடும். அதன் பின் நகலடுக்கை மறைத்தும் காட்டியும் பார்க்க வேண்டும். குறை மறைவதோடு முகத்தின் அகலமோ தாடையின் வளைவோ மாறுவதாகத் தோன்றினால், விளிம்பு தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது, பழகிப்போன கண் காணாத பிழைகளைக் காட்டிவிடும். திருத்திய படத்தை வேறு பெயரில் சேமித்து, மூலத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

எல்லைகள்

15 படங்களில் 8 ஓரிடத்தையும் 7 மற்றோரிடத்தையும் காட்டியிருந்தால், இரு விளிம்புகளும் ஏறத்தாழச் சம வலிமை உடையனவாக இருக்கும். எது உண்மை என்று படத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அந்நிலையில் கண்ணையும் வாயையும் திருத்துவது வரைவதேயன்றித் திருத்துவதாகாது. படத்தைச் சிறிதாக அச்சிடுவதே அங்குத் தக்கது. மேற்கூறிய படத்தையே 3 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால், 14 புள்ளி இடைவெளி 0.14 மில்லிமீட்டராகச் சுருங்கி, கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

களப்பணியாளர்க்கு மற்றோர் எல்லையும் உண்டு. ஆளை அடையாளங்காட்டவோ, நோயின் குறியைப் பதியவோ, ஒரு நிகழ்வுக்குச் சான்றாகவோ எடுத்த படங்களைத் திருத்தலாகாது. மீண்டும் எடுக்க வேண்டும். அவ்வாறு எடுக்கும்போது விளக்கை முகத்துக்குப் பாதித் தொலைவுக்குக் கொண்டுவந்தால், சிறு விளக்காயின் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். இரவு முறையே வேண்டியிராது. அது தவிர்க்க இயலாதெனில், பொத்தானை அழுத்தியதும் படம் முடிந்தது என்று எண்ணாமல், கைபேசி திரையில் முடிவைக் காட்டும்வரை அமர்ந்திருப்பவரை அசையாதிருக்கச் சொல்ல வேண்டும். அழுத்திய ஒலி கேட்டவுடன் தலையைத் திருப்புவதே பெரும்பாலான இரட்டை முகங்களுக்குக் காரணமாகிறது.