கண் மங்கியவர்க்குக் கைபேசி: எழுத்தைப் பெரிதாக்குவதா, குரலால் கேட்பதா?

சிகிச்சைக்குப் பின்னும் பார்வை முழுமையாகத் திரும்பாத நோயாளிகளின் குடும்பத்தார், கைபேசியில் எழுத்தை இயன்றவரை பெரிதாக்கித் தருவது வழக்கம். அது சிலருக்கு நன்மை செய்யும். வேறு சிலருக்கு இடையூறாகும். எந்தப் பகுதியின் பார்வை எஞ்சியுள்ளது என்பதே இதனை முடிவு செய்கிறது.

விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டவர்க்கு எதிரிலிருப்பவரின் முகம் தெளிவாகத் தெரியாது. ஆயினும் பக்கப் பார்வை இருக்கும். இவர்களுக்கு எழுத்து பெரிதாக இருப்பது உதவும். கண் நீர் அழுத்த நோய் முற்றியவர்க்கோ பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் அந்தச் சிறு வட்டத்துள் இரண்டு மூன்று எழுத்துகளே அடங்கும்; சொல் முழுமையாக அகப்படாது. இவர்களுக்கு அளவான எழுத்தும், கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தும், குரல் உதவியுமே ஏற்றவை. உங்கள் நோயாளி எவ்வகையினர் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே கைபேசியை மாற்றி அமையுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த வாசிப்புக் கண்ணாடியை அணிந்த நிலையிலேயே சோதித்துப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

எப்போதும்வென்றானில் வாழும் 70 வயது அம்மையார் ஒருவருக்கு நடுப்பார்வை குறைந்துள்ளது எனக் கொள்வோம். உதவித்தொகை வங்கியில் சேர்ந்துவிட்டதா என்பதைப் பிறர் துணையின்றித் தாமே குறுஞ்செய்தியில் அறிய விரும்புகிறார். அவரிடம் உள்ளது ஆண்ட்ராய்டு கைபேசி.

முதலில் Settings பகுதியில் Display என்பதைத் திறந்து, Font size அளவை ஒவ்வொரு படியாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதே குறுஞ்செய்தியை அவரை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் வாசிக்கும் மிகச் சிறிய அளவே அவருக்குரிய அளவு.

அது போதாவிடில், Settings பகுதியில் Accessibility, அதனுள் Magnification என்பதைத் திறந்து, மூன்று முறை தட்டும் குறுக்கு வழியை இயக்குங்கள். பின்னர்த் திரையை மூன்று முறை விரைந்து தட்டினால் அவ்விடம் பெரிதாகும். இரு விரல்களால் இழுத்தால் திரை நகரும்; விரல்களை விரித்தால் இன்னும் பெரிதாகும். மீண்டும் மூன்று முறை தட்டினால் பழைய நிலைக்கு வரும்.

இங்கே ஓர் எல்லை உண்டு. ஒரே நேரத்தில் நான்கைந்து எழுத்துகளுக்குக் குறைவாகவே தெரிகின்றன என்றாலோ, வரியின் முடிவுக்குச் செல்வதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது என்றாலோ, பெரிதாக்கியது போதும். இனிக் குரலே துணை.

குரல் வசதிகள்

Accessibility பகுதியில் உள்ள Select to Speak எளிமையானது. அதன் பொத்தானைத் தொட்டுப் பின் செய்தியைத் தொட்டால், கைபேசி அதனை வாசித்துக் காட்டும். வழக்கமான தொடுமுறை மாறாது. ஓரளவு பார்வை உள்ள இந்த அம்மையார்க்கு இதுவே போதும்.

பார்வை மிகக் குறைந்தவர்க்கு TalkBack உண்டு. இதை இயக்கியதும் கைபேசியின் பழக்கமே மாறிவிடும். ஒரு முறை தொட்டால் அப்பொருளின் பெயரை மட்டும் கூறும். இரு முறை தட்டினால்தான் திறக்கும். ஒரு விரலை வலப்புறம் தள்ளினால் அடுத்ததற்குச் செல்லும். பக்கத்தை நகர்த்த இரு விரல்கள் வேண்டும். இதை அறியாத குடும்பத்தார் கைபேசி பழுதாகிவிட்டது என எண்ணி அஞ்சுவதுண்டு. ஆகவே, இயக்குவதற்கு முன்னரே அமைப்பில் ஒலி விசைகளுக்கான குறுக்கு வழியை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அதன்பின் ஒலியைக் கூட்டும், குறைக்கும் விசைகள் இரண்டையும் சேர்த்து 3 வினாடி அழுத்திப் பிடித்தால் TalkBack நிற்கும். மறுமுறை அழுத்தினால் இயங்கும்.

ஆங்கிலச் செய்தியை வாசித்துத் தமிழ்ச் செய்தியில் குரல் மௌனமானால், தமிழ்க் குரல் நிறுவப்படவில்லை என்று பொருள். Text-to-speech output என்னும் பகுதியில் தமிழைத் தேர்ந்து, குரல் கோப்பைப் பதிவிறக்குங்கள். வேகத்தைத் தொடக்கத்தில் குறைத்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

புகைப்படமாக அனுப்பப்பட்ட மருந்துச் சீட்டையோ அறிவிப்பையோ குரல் வசதி பெரும்பாலும் சரியாக வாசிக்காது. மருந்தின் பெயரையும் அளவையும் பிறர் ஒருவர் சரிபார்த்தல் கட்டாயம்.

கைபேசி வங்கிக் குறியெண்ணையும் உரக்கச் சொல்லும். பேருந்திலும் கடையிலும் காதொலிப்பான் அணிந்தே கேட்க வேண்டும்.

சென்ற மாதம் போதுமாயிருந்த எழுத்து அளவு இம்மாதம் போதவில்லை எனில், மேலும் பெரிதாக்கி அமைதியடையாதீர்கள். நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலும், திடீரெனப் பார்வை மங்கினாலும், உடனே கண் மருத்துவரிடம் வாருங்கள். அது கைபேசியின் குறையன்று; கண்ணில் நிகழும் மாற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம்.