டைரக்டர் தகுதியிழப்பு நோட்டீஸ்: பதிலில் தேதிதான் பேசணும்

நண்பர்கள் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பிக்கிறாங்க. வியாபாரம் படுத்ததும் வருஷக் கணக்கைத் தாக்கல் பண்ணாம விட்டுடறாங்க. அப்புறம் கம்பெனிப் பதிவாளர்கிட்ட இருந்து நோட்டீஸ் வருது, நீங்க டைரக்டர் தகுதியை இழந்துட்டீங்கன்னு. அதுக்கு எப்படிப் பதில் எழுதுறது?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 164(2)(a) பிரிவு கேட்பது ஒண்ணுதான்: தொடர்ந்து மூணு நிதியாண்டுக்குத் தாக்கல் விட்டுப்போச்சா? ஆமான்னா, அஞ்சு வருஷத்துக்கு அந்தக் கம்பெனியில மறு நியமனம் இல்லை, வேற கம்பெனியிலயும் டைரக்டர் ஆக முடியாது. ஆடிட்டர் போயிட்டார், பணம் இல்லைங்கிற காரணங்கள் இந்தக் கணக்கை மாத்தாது. மூணாவது கெடு தாண்டிய பிறகு தாக்கல் பண்ணினாலும் தகுதியிழப்பு தானா அழியாது.

அதனால நான் முதல்ல பார்ப்பது, எந்த மூணு வருஷத்தை எண்ணியிருக்காங்க என்பதைத்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் பகவான் தாஸ் தனஞ்ஜய தாஸ் வழக்கு (2018) இதுக்கு நல்ல பாடம். 2017 செப்டம்பர்ல வந்த பட்டியல்ல 2013-14-ஐயும் சேர்த்து எண்ணியிருந்தாங்க. அந்தப் பிரிவு அமலுக்கு வந்ததோ 2014 ஏப்ரல் 1. அப்போ எண்ண வேண்டிய முதல் ஆண்டு 2014-15, மூணாவது 2016-17. அதோட கெடு அப்போ முடியவே இல்லை. பட்டியல் நிக்கலை.

இப்போ ஒரு கற்பனை உதாரணம். தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில ஒரு சின்ன மசாலா கம்பெனி. 2021-22, 2022-23 ரெண்டுக்கும் கெடுவுக்குள்ள தாக்கல் இல்லை. 2024 செப்டம்பர் 10-ல தாமதக் கட்டணம் கட்டி (ஒரு ஃபார்முக்கு நாளுக்கு 100 ரூபாய்) ரெண்டையும் போட்டுட்டாங்க. 2023-24-க்குப் பொதுக்குழு செப்டம்பர் 30-ல நடந்தது. AOC-4-க்கு அதிலிருந்து 30 நாள், MGT-7A-க்கு 60 நாள். ரெண்டும் கெடுவுக்குள்ள போயாச்சு. பதிலோட மையம் இவ்வளவுதான்:

"மூன்றாம் ஆண்டின் கெடுவுக்கு முன்பே முதல் இரண்டு ஆண்டுகளும் தாக்கலாகிவிட்டன. எனவே தொடர்ச்சியான மூன்றாண்டுத் தவறு நிகழவில்லை."

இதுக்குக் கீழே வருஷவாரியா ஒரு அட்டவணை: கெடு தேதி, தாக்கல் தேதி, SRN எண். கூடவே சலான், ஃபார்ம் நகல், பொதுக்குழு நிகழ்ச்சிக் குறிப்பு. ஒவ்வொரு SRN-ன் நிலையையும் போர்ட்டல்ல பாருங்க. ஃபார்மை ஏத்திட்டுக் கட்டணம் கட்டலைன்னா அது தாக்கல் ஆகாது.

தவறு நடந்த காலத்துக்கு முன்னாடியே விலகியிருந்தா வாதம் வேற: ராஜினாமா கடிதம், அது கம்பெனிக்குக் கிடைச்ச சான்று, DIR-12.

மூணு வருஷமும் நிஜமாவே விட்டுப்போச்சா? இல்லைன்னு எழுதாதீங்க, பதிவேடே காட்டிக் கொடுத்துடும். ஆனா உங்க DIN-ஐயும் முடக்கியிருந்தா அது தனி விஷயம். தகுதியிழப்பை மட்டும் வச்சு DIN-ஐ முடக்கப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லைன்னு 2020 அக்டோபர்ல முரளிதரன் வழக்குல சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொல்லியிருக்கு. தென்காசிக்காரங்க அதுக்குப் போக வேண்டிய இடம் மதுரைக் கிளை.