பாலிசி மேல் கடன்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

எல்.ஐ.சி. பாலிசியை வைத்துக் கடன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதுவரை கட்டிய பிரீமியத்தைக் கூட்டி, அதில் 90 சதவீதம் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். கடன் வரம்பு பிரீமியத்தின் மேல் அல்ல, சரண்டர் மதிப்பின் மேல்தான். பாலிசியை இன்றைக்கே முறித்தால் கையில் வரும் தொகை அது. பிரீமியம் தவறாமல் கட்டிவரும் பாலிசிக்கு அதில் 90 சதவீதம் வரையும், பிரீமியம் நின்றுபோன பாலிசிக்கு 85 சதவீதம் வரையும் கடன் கிடைப்பதே வழக்கம். உங்கள் பாலிசிக்கான வரம்பு பாண்டிலேயே அச்சாகியிருக்கும். சேமிப்பு இல்லாத டேர்ம் பாலிசிக்குக் கடனே கிடையாது.

ஒருவர் 5 லட்ச ரூபாய்க்கு, 20 வருட எண்டோமெண்ட் பாலிசி எடுத்து, வருடம் 25,000 வீதம் பத்து வருடம் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது 2,50,000. இருபதில் பத்து பிரீமியம் கட்டியாயிற்று என்பதால் 5 லட்சத்தில் பாதி, அதாவது 2,50,000 ரூபாய், அவர் பெயரில் உறுதியாகிவிட்டது. இதைப் பெய்ட்-அப் மதிப்பு என்பார்கள். ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் சேர்ந்த போனஸ் 2 லட்சம். இரண்டும் சேர்ந்த நாலரை லட்சம் முதிர்வின்போது கிடைக்க வேண்டிய பணம். இன்றே கேட்டால் முழுதாகத் தரமாட்டார்கள். மீதமிருக்கும் வருடங்களைப் பொறுத்து ஒரு விகிதத்தால் குறைப்பார்கள். அது 45 சதவீதம் என்றால் சரண்டர் மதிப்பு 2,02,500. கடன் அதிகபட்சம் 1,82,250. விகிதம் பாலிசிக்குப் பாலிசி மாறும். அதனால் ஏஜெண்டு வாய்வார்த்தையாகச் சொல்லும் தொகையை நம்பாமல், தேதியிட்ட சரண்டர் மதிப்புக் கணக்கைக் கிளையில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழைய கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்த மிச்சம்தான் கையில் வரும்.

அடுத்தது வட்டி. இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவது. வருடத்துக்கு 9.5 சதவீதம் என்றால் அரையாண்டுக்குச் சுமார் 8,657 ரூபாய். அசலுக்கு மாதத் தவணை கிடையாது. கடனைக் கேட்டு யாரும் வீடு தேடி வருவதுமில்லை. இந்த வசதியில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து, அடுத்த அரையாண்டில் அதற்கும் வட்டி ஏறுகிறது. நம் உதாரணக்காரர் ஒரு பைசாவும் கட்டவில்லையென்றால் ஐந்து வருடத்தில் பாக்கி சுமார் 2,90,000 ஆகும். பாலிசி முதிரும் பத்தாவது வருடத்தில் சுமார் 4,61,000.

பிரீமியத்தையாவது அவர் விடாமல் கட்டியிருந்தால் முதிர்வில் 5 லட்சமும், போனஸ் அதே அளவில் வந்தால் 4 லட்சமும் சேர்ந்து 9 லட்சம் வரும். கடனைக் கழித்தாலும் ஏறக்குறைய 4,39,000 மிஞ்சும். கடன் வாங்கிய சோர்வில் பிரீமியத்தையும் நிறுத்திவிட்டால் கதை வேறு. பாலிசியின் மொத்தப் பலனே நாலரை லட்சத்தில் நின்றுவிடும், கடனோ அதைத் தாண்டி ஓடும். உண்மையில் அதுவரைகூடப் போகாது. பாக்கி சரண்டர் மதிப்பைத் தொடும் கட்டத்தில் நோட்டீஸ் அனுப்பி, பாலிசியை முடித்துக் கடனில் நேர்செய்துவிடுவார்கள். குடும்பத்துக்கு இருந்த காப்பும் அதோடு போய்விடும். கையில் பணம் குறைவாக இருக்கும் வருடத்தில் அசலைத் தள்ளிப்போடலாம். பிரீமியத்தையும் வட்டியையும் ஒன்றாகத் தள்ளிப்போடக் கூடாது. வீடு மாறினால் கிளையில் முகவரியை மாற்றுவதும் முக்கியம், நோட்டீஸ் பழைய முகவரிக்கே போகும்.

இன்னொன்று, இரண்டே மாதத்தில் கடனை அடைத்தாலும் குறைந்தபட்சம் ஆறு மாத வட்டி கேட்பார்கள். குறுகிய கைமாற்றுக்கு இது கட்டுப்படியாகாது.

கடன் விண்ணப்பத்தோடு பாலிசியை எல்.ஐ.சி. பெயருக்கே மாற்றிக் கொடுக்கும் அசைன்மெண்ட் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுகிறீர்கள். பாண்டு அவர்களிடம் போய்விடும். காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, காப்பீட்டு நிறுவனமே சரண்டர் மதிப்புக்குள் தரும் கடனுக்காகச் செய்யும் அசைன்மெண்ட், நாமினேஷனை ரத்து செய்யாது. பாலிசிதாரர் இறந்தால் பாக்கியும் வட்டியும் போக மீதி நாமினிக்குச் சேரும்.

ஏற்கெனவே வீட்டுக் கடனுக்காகப் பாலிசியை ஒரு வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்த அசைன்மெண்ட் கிளையின் பதிவேட்டில் இருக்கும்வரை எல்.ஐ.சி.யில் கடன் கேட்க முடியாது. வீட்டுக் கடன் அடைந்ததும் வங்கி தரும் கடன் முடிந்த சான்று மட்டும் போதாது. பாலிசியை உங்கள் பெயருக்கே திருப்பி எழுதும் ரீ-அசைன்மெண்டை வங்கி எழுதித் தர வேண்டும், அதைக் கிளையில் கொடுத்துப் பதியவும் வேண்டும். பதிந்தாயிற்று என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நாமினி பெயர் பதிவில் சரியாக இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.