படத்தில் பல் சுருங்கும், வாயில் சுருங்காது

பல்லுக்குக் கிளிப் போடலாமா என்று விசாரிக்கப் போகிறவர்கள் பலர் இப்போது பதிலையும் கையோடு கொண்டு போகிறார்கள். சிரித்த முகத்தைச் செல்போனில் படமெடுத்து ஒரு செயலியில் ஏற்றினால், ஒரு நிமிடத்துக்குள் முத்து கோத்த மாதிரி பல்வரிசையோடு அதே முகம் திரும்பி வருகிறது. அதை டாக்டரிடம் நீட்டி, "இப்படி வருமா டாக்டர்?" என்கிறார்கள். சில கிளினிக்குகளே இந்த முன்னோட்டப் படத்தைச் செய்து கொடுக்கின்றன. ஒன்றரை, இரண்டு வருடம் கம்பியோடு திரியப் போகிறவர் முடிவை முன்கூட்டியே பார்க்க ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்தப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பெரும்பாலும் ஒரு அடிக்கோலே போதும்.

இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கிளினிக்குகளில் அடிக்கடி பார்க்கிற வகைதான். மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கோரைப்பல் ஈறுக்கு மேலே ஏறி நிற்கிறது. ஊரில் சிங்கப்பல் என்பார்கள். அதற்கு அடுத்த சின்ன முன்பல் ஒன்று உள்ளே மடங்கி, நடுப்பல்லுக்குப் பின்னால் பாதி ஒளிந்திருக்கிறது. அடுத்த வருடம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அம்மாவோடு வந்திருக்கிறாள், செயலி கொடுத்த படமும் போனில் இருக்கிறது.

டாக்டர் அச்செடுத்து, பிளாஸ்டர் மாதிரியில் பற்களை அளக்கிறார். நடுப்பல் ஒவ்வொன்றும் 8.5 மில்லிமீட்டர் அகலம், அடுத்த சின்னப் பல் 6.5, கோரைப்பல் 7.5. ஒரு பக்கத்துக்கு 22.5 என்றால் ஆறு முன்பற்களும் தோளோடு தோள் நிற்க 45 மில்லிமீட்டர் வேண்டும். தாடையின் வளைவில் அவற்றுக்கென்று கிடக்கும் இடத்தை மெல்லிய கம்பியை வளைத்து அளந்தால் 37தான் வருகிறது. எட்டு மில்லிமீட்டர் துண்டு விழுகிறது. கோரைப்பல் மேலே ஏறி நின்றதற்குக் காரணமே இதுதான். கடைசியில் முளைத்த அதற்கு உட்கார இடமில்லை.

செயலி தந்த படத்தில் ஆறு பல்லும் அதே உதடுகளுக்கு நடுவே ஒழுங்காக அடங்கியிருக்கின்றன. அந்த எட்டு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே அளவில் தாளில் அச்சிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் கண்களின் உள்முனைகளுக்கு இடையிலான தூரம் சமமாக இருக்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். கண் நகர்வதில்லை என்பதால் அது நல்ல அளவுகோல். பிறகு நேராக முன்னால் பார்த்து நிற்கும் நடுப்பல்லின் அகலத்தை இரண்டிலும் அளக்க வேண்டும். முகத்தின் நிஜ அளவிலேயே அச்சிட்டிருந்தால் பழைய படத்தில் எட்டரை வரும். நம் பெண்ணின் புதிய படத்தில் அது ஏழு. பல்லைச் சுருக்கித்தான் இடம் பிடித்திருக்கிறது அந்தச் செயலி. கிளிப் பல்லை நகர்த்தும், திருப்பும், மேலே கீழே இழுக்கும். மெலிய வைக்காது. வேண்டுமானால் இரண்டு பல் உரசும் இடத்தில் எனாமலை லேசாகத் தேய்த்து, இடைவெளிக்கு அரை மில்லிமீட்டர் வரை சம்பாதிக்கலாம். ஆறு பல்லுக்கு நடுவே ஐந்து இடைவெளி. எல்லாவற்றையும் தேய்த்தாலும் இரண்டரை மில்லிமீட்டர்தான் தேறும். எட்டுக்குப் பத்தாது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பல் டாக்டர்களிடம் முன்னோட்டம் இருந்தது. ஹரால்ட் கெஸ்லிங் என்ற அமெரிக்கப் பல்சீரமைப்பு நிபுணர் 1945-ல் அதை எழுதிவைத்தார். பிளாஸ்டர் மாதிரியிலிருந்து பற்களைச் சின்ன ரம்பத்தால் ஒவ்வொன்றாக அறுத்தெடுத்து, மெழுகில் புதிய வரிசையாக ஊன்றிப் பார்ப்பது. பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஆனால் பிளாஸ்டர் பல் சுருங்காது, அதனால் பொய் சொல்லவும் அதற்கு வராது. இடம் போதாவிட்டால் கடைசிப் பல் கையிலேயே நின்றுவிடும். இன்று வாயை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பற்களை முப்பரிமாணத்தில் அடுக்கிக் காட்டுவதும் இதே வித்தைதான். ஒவ்வொரு பல்லின் சொந்த அளவும் அதில் காப்பாற்றப்படுகிறது. வெறும் சிரித்த முகப் படத்திலிருந்து பிறக்கும் முன்னோட்டத்துக்கு அந்தக் கடிவாளம் கிடையாது.

எட்டு மில்லிமீட்டரை நிஜ வாயில் சம்பாதிக்க, வளர்ந்து முடிந்த இந்தப் பெண்ணுக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, முன்பற்களை வெளிப்பக்கமாகத் தள்ளி வளைவைப் பெரிதாக்குவது. முன்பல் ஒரு மில்லிமீட்டர் முன்னே வந்தால் வளைவில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இடம் பிறக்கும் என்பது தொழிலில் உள்ளவர்களின் தோராயக் கணக்கு. அப்படியானால் நான்கு மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். இன்னொன்று, கோரைப்பல்லுக்கு அடுத்த சிறு கடைவாய்ப்பல்லை இரண்டு பக்கமும் எடுத்துவிடுவது. ஒவ்வொன்றும் ஏழு மில்லிமீட்டர், ஆகப் பதினான்கு. எட்டு நெருக்கத்தைத் தீர்க்கப் போகும், மீதி ஆறு முன்பற்களைப் பின்னால் இழுக்கவும் கடைவாய்ப்பல் கொஞ்சம் முன்னே நகரவும் செலவாகும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு வழியிலும் நேர்முகப் படம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். ஆறு பல், ஒரே கோடு, அழகான சிரிப்பு. பக்கவாட்டில் திரும்பினால்தான் வித்தியாசம் தெரியும். முதல் வழியில் பல் எடுப்பாகி, உதடு உப்பி, வாயை மூடவே சிரமமாகலாம். வேர்கள் எலும்பின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு ஈறு இறங்கவும் வாய்ப்புண்டு. இரண்டாவது வழியில் உதடு சற்று உள்ளே போகும். இயல்பிலேயே உதடு எடுப்பாக உள்ளவர்களுக்கு அது நல்லது. தட்டையான உதட்டுக்காரர்களுக்கு முகம் ஒடுங்கித் தெரியலாம். ஆகவே நேர்முக முன்னோட்டம் ஒன்றை மட்டும் காட்டி "சம்மதமா?" என்று கேட்டால், கேள்வியில் பாதியை மறைத்துவைத்துக் கேட்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பக்கவாட்டுப் படத்தையும் முன்னோட்டமாகச் செய்து காட்டலாம், ஆனால் அதில் நிச்சயம் குறைவு. பல் பின்னால் போகும் தூரம் முழுவதும் உதடு போவதில்லை. மேலுதடு பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை பின்தொடரும். தடித்த உதடு குறைவாக அசையும், மெல்லிய உதடு அதிகமாக அசையும். நம் பெண்ணுக்குப் பல் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் போகும் என்று வைத்தால், உதட்டில் தெரியப் போவது ஒன்று அல்லது ஒன்றேகால். முகமே மாறிவிடும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இந்த எண்ணைக் கேட்டதும் சற்று அடங்கிப்போவார்கள்.

இன்னொரு விஷயத்தைச் செயலிகள் ஏறக்குறைய எப்போதும் மறைத்துவிடுகின்றன: பற்களுக்கு நடுவே ஈறின் ஓரம் விழும் கறுப்பு முக்கோணம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பற்களைப் பிரித்து நேராக நிறுத்தும்போது, அவை தொட்டுக்கொள்ளும் இடம் நுனிப்பக்கம் போய்விடுகிறது. அதற்குக் கீழே உள்ள இடத்தை ஈறு நிரப்ப வேண்டும். 1992-ல் டென்னிஸ் டார்னோவும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, தொடுமிடத்திலிருந்து எலும்பு ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அநேகமாக முழுதும் நிரப்பிவிடும். ஆறு என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பும். ஏழு என்றால் கால்பங்கு சொச்சம். முன்பல் நெருக்கத்துக்குக் கிளிப் போட்ட பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த முக்கோணம் ஓரளவு தெரிகிறது. பல்லின் ஓரத்தைத் தேய்த்து இடைவெளியை மூடிக் குறைக்கலாம், பல் நிறப் பசையால் நிரப்பலாம். அது கூடுதல் வேலை, கூடுதல் செலவு. முன்னோட்டத்தில் அந்த இடம் அழகான இளஞ்சிவப்பாக நிரம்பியிருந்தால், அது வரைந்தவர் போட்ட ஈறு.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளிப் பல்லை வெளுக்க வைக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்புக் கறை, கம்பி கழற்றிய அன்றும் அப்படியேதான் இருக்கும். சரியாகத் துலக்காமல் விட்டால் பிராக்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிப் புதிதாக வெள்ளைத் திட்டுகளும் சேரும்.

நேர்மையாகச் செய்யும் முன்னோட்டம் இவ்வளவு பளபளப்பாக இருக்காது. பல் மட்டத்தில் கேமராவை வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, முகம் சாயாமல் எடுத்த படம் அதற்கு வேண்டும். கைநீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கும் நடுப்பல்லும் உப்பலாகத் தெரியும், கணக்குக் கெட்டுவிடும். பிளாஸ்டரில் அளந்த 8.5-ஐப் படத்தின் நடுப்பல்லோடு பொருத்தி, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளி என்று கண்டுபிடிப்பார்கள். அதன்பின் ஒவ்வொரு பல்லையும் வெட்டி நகர்த்துவார்கள், அளவை மாற்ற மாட்டார்கள். ஒளிந்திருக்கும் சின்னப் பல்லின் மறுபாதி படத்திலேயே இல்லையே? எதிர்ப்பக்கத்துப் பல்லைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி ஒட்டுவார்கள். கோரைப்பல் இறங்கினால் அதன் ஈறு விளிம்பும் கூடவே இறங்க வேண்டும். நிறம் பழையபடியே இருக்கும். சந்தேகமுள்ள இடத்தில் சின்ன கறுப்பு முக்கோணமும் இருக்கும்.

இத்தனை செய்தும் அது உத்தேசம்தான். கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற அலைனர் தட்டுகளில் கம்ப்யூட்டர் திட்டமிட்ட அசைவையும் வாயில் நடந்ததையும் ஒப்பிட்ட 2009-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சராசரியாக 41 சதவீதம்தான் நிறைவேறியிருந்தது. 2020-ல் அது 50 சதவீதம். அதனால்தான் நடுவில் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திருத்தத் தட்டுகள் போடுகிறார்கள். கம்பி கட்டிய கிளிப்பில் டாக்டர் மாதாமாதம் கையால் சரிசெய்துகொண்டே போகலாம், எலும்பு இசைய வேண்டும் என்பது மட்டும் அங்கேயும் மாறாது.

நம் பெண்ணின் அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிருமா டாக்டர்?" என்றுதான் கேட்பார். பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகரும். பல் எடுத்த இடத்துக்குக் கோரைப்பல்லை இறக்கி, முன்பற்களை நேராக்கி, மீதி இடைவெளியை மூட ஒன்றரை முதல் இரண்டு வருடம். முகூர்த்தம் பத்து மாதத்தில். இங்கே கேட்க வேண்டியது பத்தாம் மாதப் படம். யாரும் அதைக் கேட்பதில்லை, எந்தச் செயலியும் தருவதில்லை. ஒரு டாக்டர் நினைத்தால் அரைமணியில் செய்து தரலாம். கோரைப்பல் கீழே வந்திருக்கும், முன்பற்கள் ஏறக்குறைய நேராகியிருக்கும், கோரைப்பல்லுக்குப் பின்னால் சிரித்தால் தெரிகிற இடைவெளி இரண்டு பக்கமும் பாக்கி இருக்கும், எல்லாவற்றின்மேலும் உலோக பிராக்கெட்டுகள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பல் நிற செராமிக் பிராக்கெட் வேண்டும் என்றோ, "தாலி கட்டின பிறகு ஆரம்பிக்கலாம்மா" என்றோ சொல்ல முடியும்.