பட்டறைக்குள் வெள்ளம்... வாசலில் இ.எம்.ஐ! தவணை விடுப்பு கேட்பது எப்படி?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கிக் கிடந்த நாள்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தில் இரண்டு லேத் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். 4-ம் தேதி ஏறிய தண்ணீர் 7-ம் தேதிதான் வடிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. இரண்டு மோட்டார்களும் நனைந்துவிட்டன. கியர் பாக்ஸைத் திறந்தால் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வருகிறது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கணக்கில் அன்று இருந்தது 22,000 ரூபாய். 10-ம் தேதி போக வேண்டிய இ.எம்.ஐ 19,395 ரூபாய். அந்தப் பணத்தை எடுத்து மோட்டாருக்குக் காயில் கட்டினால் மெஷின் ஓடும், ஆனால் தவணை நிற்கும். தவணையைக் கட்டினால் மெஷின் நிற்கும், அடுத்த மாதத் தவணைக்கு வழியே இருக்காது.

அவர் காயில் கட்டக் கொடுத்துவிட்டார். அது சரியான முடிவுதான். தவறு வேறு இடத்தில் நடந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தின் வசூல் ஊழியருக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னார். ‘பார்த்துக்கலாம் அண்ணே, ஊரே இப்படித்தானே இருக்கு’ என்று ஆறுதலாகப் பதில் வந்தது. இவரும் நிம்மதியாக இருந்துவிட்டார். 10-ம் தேதி வழக்கம்போல வங்கிக் கணக்கில் தவணை கேட்கப்பட்டது. பணம் இல்லாமல் திரும்பியது. கணக்கு வைத்திருந்த வங்கி ஓர் அபராதம், கடன் கொடுத்த நிறுவனம் ஓர் அபராதம் என ஆயிரத்துக்கு மேல் போனது.

போனில் சொன்னால் போதாதா?

போதாது. மாதாமாதம் உங்கள் கணக்கில் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி, கம்ப்யூட்டரில் தானாக ஓடுகிற ஏற்பாடு. எந்தெந்தக் கணக்கில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற பட்டியல் தவணைத் தேதிக்கு முன்பே தயாராகிவிடும். உங்களிடம் போனில் பேசிய ஊழியருக்கு அதை நிறுத்தும் அதிகாரம் கிடையாது. விடுப்பு கொடுக்கும் அதிகாரம் கிளை மேலாளருக்கோ, அவருக்கு மேலே இருக்கும் கடன் பிரிவுக்கோதான் உண்டு. அவர்களுக்கும் கையில் ஒரு காகிதம் இருந்தால்தான் கோப்பு நகரும்.

எனவே தண்ணீர் வடிந்ததும் செய்ய வேண்டியது இது. தவணைத் தேதிக்கு ஒரு வாரம் இருந்தால் உடனே கடிதம் கொடுங்கள். இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் அந்த மாதப் பட்டியல் போயிருக்கும். எப்படியாவது அந்த ஒரு தவணையைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து விடுப்பு கேளுங்கள். வெள்ளத்துக்கு முன்பு வரை ஒழுங்காகக் கட்டிய கணக்கு என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம்.

நம்மவர், வாடிக்கையாளர் ஒருவரிடம் நின்றிருந்த பழைய பில் பணத்தை வாங்கி, டிசம்பர் 28-ம் தேதி அந்தத் தவணையைக் கட்டினார். அதே நாளில் கடிதத்தையும் கொடுத்தார்.

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள்

சேற்றைக் கழுவ எல்லோருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒரு படம், ஒவ்வொரு மெஷினும் அதன் நம்பர் பிளேட்டோடு ஒரு படம், கழற்றிய மோட்டார், பாழான சரக்கு என எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த மோட்டாரை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சுவிட்ச் போட்டுப் பார்க்க வேண்டாம். காய வைத்தால் பிழைக்கக்கூடிய காயிலும் எரிந்துவிடும்.

பட்டறைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை உடைந்த பாகங்களை ஸ்கிராப் கடையில் போடாதீர்கள். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மெஷின் கடனுக்கு அடமானமாக இருந்தால், பாலிசியில் பெரும்பாலும் கடன் கொடுத்தவர் பெயரும் இருக்கும். அப்படியானால் இழப்பீட்டுத் தொகை நேராகக் கடன் கணக்குக்குப் போகலாம். அந்தப் பணம் ரிப்பேர் செலவுக்கு வேண்டும் என்றால், அதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

எத்தனை மாதம் கேட்பது?

‘கொஞ்ச நாள் டைம் கொடுங்க சார்’ என்பது கோரிக்கையே இல்லை. மேலாளருக்கு எண்ணிக்கை வேண்டும். அதைவிட, அந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் வேண்டும்.

நம்மவர் போட்ட கணக்கைப் பாருங்கள். மோட்டார், பேரிங், கியர் பாக்ஸ் வேலை முடிய மூன்று வாரம். ஜனவரியில் ஒரு லேத் ஓடும், பிப்ரவரியில் இரண்டாவதும் ஓடும். ஆனால் ஜனவரியில் செய்த வேலைக்குக் கம்பெனியிலிருந்து பணம் வர 45 நாள் ஆகும். ஆக, மார்ச்சில்தான் கைக்குக் காசு வரத் தொடங்கும். அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என மூன்று மாதம் கேட்டார். ஏப்ரல் 10-ம் தேதி முழுத் தவணை தொடங்கும் என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

விடுப்பு இலவசம் அல்ல

தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு அல்ல. 2020-ல் கொரோனா காலத்தில் விடுப்பு எடுத்தவர்கள் பலர் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

டிசம்பர் தவணையைக் கட்டிய பிறகு நம்மவருக்கு அசல் பாக்கி 4 லட்சம் ரூபாய். ஆண்டு வட்டி 15 சதவிகிதம். மீதம் 24 தவணைகள். ஒரு மாத வட்டி மட்டும் 5,000 ரூபாய். இனி அவர் முன் இருந்த வழிகள் மூன்று.

முதல் வழி, மூன்று மாதம் ஒன்றுமே கட்டாமல் இருப்பது. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து பாக்கி 4,15,188 ரூபாய் ஆகிவிடும். ஏப்ரலிலிருந்து அதே 19,395 ரூபாயைக் கட்டினால், 24 தவணையில் முடிய வேண்டியது 25 தவணையைத் தாண்டும். மொத்தத்தில் கூடுதல் செலவு சுமார் 20,700 ரூபாய்.

இரண்டாவது வழி, அதே மூன்று மாதம் விடுப்பு. ஆனால் தவணை எண்ணிக்கை 24-ஆகவே இருக்கும், தொகை மட்டும் 20,131 ரூபாயாக உயரும். கூடுதல் செலவு சுமார் 17,700 ரூபாய்.

மூன்றாவது வழி, அந்த மூன்று மாதமும் வட்டியை மட்டும் கட்டுவது. மாதம் 5,000 ரூபாய்தான். பாக்கி 4 லட்சத்திலேயே நிற்கும். ஏப்ரலிலிருந்து பழைய தவணை, பழைய தொகை. கூடுதல் செலவு 15,000 ரூபாய்.

நம்மவர் மூன்றாவதைக் கேட்டார். ஒரு லேத் ஓடினாலே மாதம் 5,000 ரூபாயைப் புரட்டிவிட முடியும் என்ற நம்பிக்கை. கடன் கொடுத்தவருக்கும் இது பிடித்த வழி, ஏனென்றால் கணக்கில் மாதாமாதம் பணம் வந்துகொண்டிருக்கும். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் முதல் வழியைக் கேட்பதில் தவறில்லை. விலை தெரிந்து கேளுங்கள், அவ்வளவுதான்.

கடிதம் இப்படி இருக்கட்டும்

“மேலாளர் அவர்களுக்கு, என் கடன் கணக்கு எண் ______. டிசம்பர் 4 முதல் 7 வரை என் பட்டறையில் வெள்ள நீர் நின்றதால் இரண்டு லேத் மெஷின்களும் பழுதாகிவிட்டன. படங்களும் பழுதுபார்க்கும் மதிப்பீட்டு பில்லும் இணைத்துள்ளேன். டிசம்பர் வரை அனைத்துத் தவணைகளையும் செலுத்தியுள்ளேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு வட்டியை மட்டும் செலுத்த அனுமதி கேட்கிறேன். ஏப்ரல் 10 முதல் முழுத் தவணை செலுத்துவேன். இந்த மூன்று மாதங்களுக்கு வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தவணையை எடுக்காமல் இருக்கவும், முடிவை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.”

அவ்வளவுதான். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நகலில் சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதையே கிளையின் இ-மெயிலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

‘சரி’ என்றதும் கேட்க வேண்டியவை

விடுப்பு கிடைத்ததும் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் ‘விடுப்பு’ என்று சொல்வது வெறும் தள்ளிவைப்பாக இருக்கும். மூன்று மாதம் கேட்க மாட்டார்கள், நான்காவது மாதம் நான்கு தவணையையும் சேர்த்துக் கேட்பார்கள். நம்மவர் கணக்கில் அது 77,580 ரூபாய்! அட்டவணை கையில் இருந்தால் இந்த அதிர்ச்சி வராது. கூடவே, இந்த மாற்றத்தை சிபில் போன்ற நிறுவனங்களுக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்றும் கேளுங்கள். அனுமதித்த விடுப்பு ‘தாமதம்’ என்று பதிவாகக் கூடாது. இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம்மவருக்கு அனுமதிக் கடிதம் வர 11 நாள் ஆனது. ஜனவரி 10-ம் தேதி அவர் கணக்கிலிருந்து போனது 5,000 ரூபாய் மட்டும்.

‘முடியாது’ என்றால்?

இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு எப்படி நிவாரணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. மாநில அளவிலான வங்கியாளர் குழு கூடி, பாதித்த பகுதிகளுக்கான நிவாரணத்தைப் பேசுவதும் உண்டு. உங்கள் மாவட்டத்துக்கு அப்படி ஏதும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று மாவட்ட முன்னோடி வங்கியில் விசாரியுங்கள். ஆனாலும் தொழில் கடனில் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். விடுப்பு என்பது சலுகை, தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல.

கடிதத்துக்குப் பதிலே இல்லை, அனுமதி கொடுத்த பிறகும் அபராதம் போட்டார்கள் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம். ஆனால், ‘எனக்கு விடுப்பு கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று அவரிடம் கேட்க முடியாது. அது கடன் கொடுத்தவரின் வணிக முடிவு.

அப்படிப்பட்ட நேரத்தில் நினைவில் வைக்க வேண்டிய எண் 90. ஒரு தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பிறகு புதிதாகக் கடன் வாங்குவதே கஷ்டம். எனவே கையில் வருகிற பணத்தை, மிகப் பழைய தவணையை அடைக்கச் சொல்லி ரசீதோடு கட்டிக்கொண்டே வாருங்கள்.

ஏப்ரல் 10-ம் தேதி நம்மவர் கணக்கிலிருந்து 19,395 ரூபாய் போனதாகக் குறுஞ்செய்தி வந்தது. அப்போது இரண்டு லேத்துகளும் ஓடிக்கொண்டிருந்தன. சுவரில் இருந்த சேற்றுக் கோட்டின் மேல் மட்டும் அவர் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. அடுத்த மழைக்கு முன் மோட்டார்களை அந்தக் கோட்டுக்கு மேலே ஏற்றி வைக்கவேண்டும், அதற்கு அளவு தெரிய வேண்டுமாம்.